ஜூன் நாலுக்குள்

திருப்பூர் மண்ணரையில் நொய்யல் ஆற்றைப் பார்த்து இறங்கும் சந்தில் ஒட்டி ஒட்டி நிற்கிற லைன் வீடுகளில் கடைசி வீட்டில்தான் நிர்மலா கல்யாணமான நாள் முதல் குடியிருக்கிறாள். அவளைத் தெரியாதவர்கள் அந்தச் சந்தில் இல்லை. பதினாறு வயதில் பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் காலி மிஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் தைத்துப் பார்த்தே ஓவர்லாக் தையல் கற்றுக்கொண்டவள். பிரபாகரைக் கட்டிக்கொண்ட பிறகும் வேலையை விடவில்லை. பக்கத்து வீடுகளில் குடியிருந்த பீகார்ப் பெண்களோடு தண்ணீர்க் குழாயடியில் பேசிப் பேசி இந்தியும் ஓரளவு பிடிபட்டிருந்தது. அந்த இந்திதான் அவளை ஜோர்டான் வரை கொண்டுபோனது.

ஏஜென்சி மூலம் அங்கே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு டெய்லராகத்தான் போனாள். முதல் வருடம் முடிவதற்குள் ஒரு தையல் லைனுக்கே சூப்பர்வைசராக ஆக்கிவிட்டார்கள். அந்த லைனில் வங்காளதேசத்துப் பெண்கள், இலங்கைப் பெண்கள், நேபாளிகள் என்று கலந்து இருந்தார்கள். யாருக்கு எந்த மொழியில் சொன்னால் உறைக்கும், யாரைத் திட்டினால் மிஷினை விட்டு எழுந்துபோய்விடுவாள், யாரைத் திட்டாவிட்டால் வேலை நகராது என்பதெல்லாம் நிர்மலாவுக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. திருப்பூரில் இருபது வருடம் உழைத்தும் அவளுக்குக் கிடைக்காத ஒரு இடம் அங்கே கிடைத்தது. அதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. பிரபாகரிடம்கூடச் சொல்லவில்லை.

தை மாதம் மகள் அனுப்பிரியா பெரியவளானாள். சேதி போனில்தான் வந்தது. அம்மா வந்த பிறகு சீர் வைத்துக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்தார்கள். கம்பெனி விடுப்பும் கொடுத்தது, போகவர டிக்கெட்டும் கொடுத்தது. சீர் எந்தத் தேதி என்று நிச்சயமாகாததால் திரும்பும் தேதியை மட்டும் போடாமல் திறந்து விட்டார்கள். டிக்கெட்டைக் கையில் கொடுத்த அலுவலகப் பெண் இரண்டு முறை விளக்கினாள். போகிற நாள் மார்ச் நாலு. திரும்புகிற பாதிக்கு நாள் இல்லை. எந்த நாள் வேண்டுமோ அந்த நாளுக்கு விமானக் கம்பெனியிடம் கேட்டு சீட்டு உறுதி செய்துகொள்ளலாம். ஆனால் இது சலுகைக் கட்டண டிக்கெட், கிளம்பிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ஜூன் நாலுக்குள் கோயமுத்தூரிலிருந்து கிளம்பிவிட வேண்டும். அதைத் தாண்டினால் அந்தப் பாதிக்கு மதிப்பே இல்லை. ஜூனிலேயே வேலை அனுமதியையும் புதுப்பிக்க வேண்டும், ஆள் நேரில் இருந்தால்தான் அது நடக்கும் என்றும் சொல்லி அனுப்பினாள்.

மூன்று மாதம் என்பது அப்போது நிர்மலாவுக்கு எக்கச்சக்கமாகத் தெரிந்தது.

சீர் பங்குனியில் நல்லபடியாக நடந்தது. தாய்மாமன் சேலை வந்தது, தட்டுகள் வந்தன, சந்து முழுக்கப் பந்தல் போட்டார்கள். அது முடிந்ததும் ஜோர்டானுக்குக் கிளம்பலாம் என்று நிர்மலா வாயெடுத்தாள். புள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்றார்கள். பரீட்சை முடிந்தது. மாரியம்மன் பொங்கல் வருகிறது, திருவிழா அறிவித்துச் சாட்டுப் போட்ட பிறகு ஊரை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். அதுவும் முடிந்தது. லீவில்தானே புள்ளை இருக்கிறாள், பள்ளிக்கூடம் திறக்கிறவரை இருந்துவிட்டுப் போ என்றார்கள். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. ஒவ்வொரு காரணமும் நியாயமான காரணமாகவே இருந்தது. நிர்மலாவுக்கும் இருக்க ஆசைதான். மகளுக்குத் தலைவாரி விட இரண்டு வருடம் கழித்துக் கைக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, அதை எப்படிப் பாதியில் விடுவது.

சித்திரை பாதியில் ஒருநாள் அவள் பிரபாகரிடம், "ஏனுங்க, ஜூன் ஒண்ணாந்தேதிக்கு சீட்டுப் போட்றலாமுங்க. கடைசி நாள் வரைக்கும் இழுக்க வேண்டாம்" என்றாள். பிரபாகர் சரி என்றான். அவன் பனியன் துணியை அழுத்திச் சுருக்குகிற காம்பாக்டிங் பட்டறையில் மிஷின் ஓட்டுபவன். துணி உருளையோடு நாள் முழுக்கப் பேசாமல் நிற்கிற வேலை. வீட்டிலும் பேச்சுக் கம்மி. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிராவல்ஸ் வைத்திருக்கிற தமிழ்செல்வன் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பிரபாகர் அங்கே போய்விட்டு வந்து ஒரு தாளைக் கொடுத்தான். ஜூன் ஒன்று, கோயமுத்தூரில் புறப்பட்டு, வளைகுடாவில் மாறி, ஜோர்டான் தலைநகர் அம்மான் போய்ச் சேர்வது. அவள் பெயர் சரியாக இருந்தது. உறுதி என்று போட்டிருந்தது. நிர்மலா அதை பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் நிம்மதியாக இருந்தாள். பருப்புப் பொடி இடித்தாள், இரண்டு நைட்டி வாங்கினாள். அனுப்பிரியா அவளோடு சரியாகப் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தாள். அது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் போகிற நாள் தெரிந்த வருத்தம்.

மே கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை, தொழிற்சாலை விடுதியில் அவளோடு தங்கியிருந்த இலங்கைப் பெண் போனில் சேதி அனுப்பியிருந்தாள். அங்கே விமான நிலையத்துக்கு வண்டி அனுப்ப தொழிற்சாலைக்கு டிக்கெட் நகல் வேண்டுமாம், பழையது இல்லை, தேதி போட்ட புதியது. நிர்மலா பாஸ்போர்ட்டுக்குள் இருந்த தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். இது சீட்டுப் போட்ட தாள்தான், இதில் டிக்கெட் எண்ணையே காணோமே என்று பதில் வந்தது. நிர்மலாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. காய்கறி வாங்கப் போகிற வழியில் தமிழ்செல்வன் கடையில் ஏறி, அண்ணா இன்னொரு நகல் எடுத்துக் குடுங்க என்று கேட்டாள்.

தமிழ்செல்வன் கம்ப்யூட்டரில் தட்டினான். மறுபடி தட்டினான். அவளை உட்காரச் சொன்னான்.

"இந்த புக்கிங் கேன்சல் ஆயிருச்சுங்க நிர்மலா," என்றான்.

அவளுக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. யார் கேன்சல் பண்ணியது என்று கேட்டாள். யாரும் பண்ணவில்லை, அதுவாக ஆனது என்றான். பிறகு பொறுமையாகச் சொன்னான். சீட்டுப் பிடித்து வைப்பது ஒன்று, அந்தச் சீட்டோடு டிக்கெட்டைச் சேர்ப்பது இன்னொன்று. அவளுடைய டிக்கெட் அம்மானில் எடுத்தது. அதைத் தொட அங்கே டிக்கெட் போட்ட ஏஜென்சியாலும் விமானக் கம்பெனியாலும்தான் முடியும், இவனால் முடியாது. இவன் சீட்டை மட்டும் பிடித்தான். குறித்த நாளுக்குள் டிக்கெட் எண்ணைச் சொல்லி விமானக் கம்பெனியிடம் இணைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு தானாகக் கழன்றுவிடும். அதைப் பிரபாகரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தான். கெடு நெருங்கியபோது விமானக் கம்பெனியிலிருந்து போனுக்கு மெசேஜும் போயிருக்கும்.

"யாரோட போனுக்குங்ண்ணா?"

"பிரபாகர் நம்பர்தான் குடுத்திருந்தோம்." அவன் திரையையே பார்த்தபடி சொன்னான். "நானும் ஒருக்கா போன் பண்ணிக் கேட்டேன். அங்க ஜோர்டான் கம்பெனியிலயே இணைச்சுட்டாங்கன்னு சொன்னான். நானும் விட்டுட்டேன்."

நிர்மலா கையில் இருந்த காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பின. டிக்கெட் உயிரோடுதான் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது, திரும்புகிற பாதி இன்னும் திறந்தே இருக்கிறது, ஜூன் நாலு வரைக்கும் என்றான். அப்படியானால் வேறு நாளுக்குப் போட்டுவிடலாமே என்றாள். தமிழ்செல்வன் உதட்டைப் பிதுக்கினான். பக்ரீத்துக்கு ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்புகிற வாரம் இது. பள்ளிக்கூட லீவும் முடிகிறது. விமானத்தில் சீட்டே இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரே மாதிரி இருக்கைகளையே கட்டணத்தை வைத்துப் பல வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவள் டிக்கெட் எந்த வகையில் எடுத்ததோ அந்த வகையில் சீட்டுக் காலி இருந்தால்தான் சும்மா மாற்றித் தருவார்கள். அந்த வகையில் நாலாம் தேதி வரை ஒன்றும் இல்லை. மேல் வகையில் போவதானால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். அது புது டிக்கெட் எடுப்பது மாதிரிதான்.

"அம்மான் ஏஜென்சிக்குப் போன் பண்ணிப் பார்க்கட்டுங்களா?"

"இன்னைக்கு வெள்ளிக்கெழம. அங்க வெள்ளியும் சனியும் லீவு. அதுக்கு மேல பெருநாள் லீவு வேற. ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி யாரும் எடுக்க மாட்டாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. என்ன பண்றதா இருந்தாலும் நாலாந்தேதிக்கு முன்னாடி பண்ணோணும். சீட்டு இல்லைன்னு விமானக் கம்பெனிக்காரங்களே எழுதிட்டா, அடுத்த சீட்டு வர்ற வரைக்கும் கெடுவை நீட்டிக் குடுக்கறதுக்கு வழி இருக்குது. சலுகை டிக்கெட்டுக்குக் குடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது, அது அவிங்க இஷ்டம். ஆனா கேட்டதே கெடு தாண்டினதுக்கு அப்பறம்னா, கதவைச் சாத்திருவாங்க."

நிர்மலா வீட்டுக்கு நடந்தே போனாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்று பயமாக இருந்தது.

பிரபாகர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அனுப்பிரியா அத்தை மைதிலி வீட்டுக்குப் போயிருந்தாள். மைதிலி பிரபாகரின் அக்கா, எதிர் வீடு. நிர்மலா ஜோர்டானில் இருந்த இரண்டு வருடமும் பெண்ணைப் பார்த்துக்கொண்டது அவள்தான். நிர்மலா சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், எதிரில் உட்கார்ந்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"டிக்கெட் நம்பர் கேட்டு மெசேஜ் வந்துச்சுங்களா?"

அவன் கை தட்டிலேயே நின்றது. பொய் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்த்துப் பேசத் தயாராகவும் இருந்தாள்.

"வந்துச்சு," என்றான் அவன். "படிச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் பண்ணலை."

பிறகு அவன்தான், தட்டைப் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அன்றைக்கு இரண்டாவது ஷிப்டு. மெசேஜ் வந்தபோது மிஷினில் துணி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் அனுப்பலாம் என்று நினைத்தான். வீட்டுக்கு வந்தால் அவளும் பெண்ணும் ஒரே பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தான். மறுநாள் மறக்கவில்லை. ஞாபகம் வந்தது, அனுப்பவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. கெடு முடிந்ததும் பயமாகவும் இருந்தது, பாரம் இறங்கினது மாதிரியும் இருந்தது.

"போகாதேன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை," என்றான். "எந்த மூஞ்சியில சொல்றது? நீ சம்பாரிச்சுத்தான் சீரே நடந்துச்சு."

நிர்மலா கத்தவில்லை. கத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். "சொல்லியிருந்தீங்கன்னா நானும் ஒரு பதில் சொல்லியிருப்பேன்," என்றாள். "சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஒருவேளை இருந்துகூட இருப்பேன். என்னைக் கேக்காம தேதியைத் தாண்ட விட்டுட்டா, நான் இருக்கறேன்னு சொன்னதா ஆயிருமுங்களா?"

அவன் சோற்றை முடிக்காமல் கை கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் மைதிலி வந்தாள். நாத்தனாரை நிர்மலா நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். இருவருக்கும் மனஸ்தாபம் கிடையாது. நடந்ததைக் கேட்ட மைதிலி, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தாள். ஆம்பளை ஒருத்தன் பெண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஒண்டியாக இருப்பான், டிக்கெட்டே போனபிறகு இங்கேயே ஒரு கம்பெனியில் பார்த்துக்கொள்ளலாமே என்றாள். நிர்மலா பொறுமையாகக் கேட்டாள். டிக்கெட் இன்னும் போகவில்லை என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கியபோது பிரபாகர் பைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான். சனிக்கிழமை சம்பள நாள், யாரும் லீவு போட மாட்டார்கள்.

"கோயமுத்தூருக்குத்தான் போறியா? ஏறு," என்றான்.

அவள் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். பஸ் மாறி மாறிப் போவதற்குள் கவுண்டர் மூடிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. ஏறிக்கொண்டாள். அவிநாசி வழியாக நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போனார்கள். சீட்டுக் கைப்பிடியை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

விமான நிலையத்தில் அந்த விமானக் கம்பெனியின் கவுண்டர் அதன் விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் திறக்கும். வெளியே மரத்தடியில் காத்திருந்தார்கள். திறந்ததும் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பெண் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். டிக்கெட் எண்ணைப் போட்டாள். தமிழ்செல்வன் சொன்னதையே அவளும் சொன்னாள். ஒன்றாம் தேதி, மூன்றாம் தேதி, நாலாம் தேதி என்று இருக்கிற மூன்று விமானங்களிலும் இந்த வகைச் சீட்டு இல்லை. இன்னைக்கே வந்திருக்கறேனுங்க, கெடுவை நீட்டிக் குடுக்க முடியுங்களா என்று நிர்மலா கேட்டாள். அந்தப் பெண் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். அது தங்கள் கையில் இல்லை, மேலிடத்துக்கு எழுதுகிறோம், இந்தக் கட்டணத்துக்கு நீட்டிப்புக் கொடுப்பது கஷ்டம் என்றாள். கெடுவுக்கு முன்பே வந்து கேட்டதைப் பதிந்து வைக்கிறேன் என்றாள். மூன்று விமானங்களுக்கும் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போட்டாள். சீட்டு விழுந்தால் மெசேஜ் வரும், அதில் சொன்ன நேரத்துக்குள் பதில் சொன்னால் டிக்கெட்டை நாங்களே இணைத்துவிடுவோம், சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றாள்.

"போன் நம்பர் சொல்லுங்க," என்றாள்.

பிரபாகர் வாயைத் திறந்தான். முதல் இரண்டு எண்களைச் சொல்லியும்விட்டான்.

"அது வேண்டாமுங்க," என்றாள் நிர்மலா. தன் நம்பரைச் சொன்னாள்.

கண்ணாடிக்கு உள்ளே இருந்த பெண் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சொன்ன நம்பரைப் போட்டுக்கொண்டாள். பிரபாகர் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றுகொண்டான். நிர்மலாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நம்பரை மாற்றிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மான் ஏஜென்சி போனை எடுத்தது. அவர்களும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். தொழிற்சாலை மேலாளர், ஜூனில் வந்து சேராவிட்டால் அந்த லைனை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவோம் என்று இந்தியில் மரியாதையாகச் சொன்னார். ஒன்றாம் தேதி விமானம் அவள் இல்லாமல் போயிற்று. அன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. அனுப்பிரியா புது யூனிபார்ம் போட்டுக்கொண்டு, அம்மா கொண்டுவந்து விட வேண்டும் என்றாள். போகிற வழியெல்லாம் வகுப்பு டீச்சரைப் பற்றிப் பேசினாள். வாசலில் நின்று, "சாயந்தரமும் நீதானே வருவே?" என்று கேட்டாள். நிர்மலா ஆமாம் கண்ணு என்றாள்.

இரண்டாம் தேதி ஒன்றும் வரவில்லை. மூன்றாம் தேதி விமானமும் நிரம்பிவிட்டது என்று மெசேஜ் வந்தது. கெடு நீட்டிப்புப் பற்றிக் கேட்டதற்கு, பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. போனை அவள் இடுப்பை விட்டு எடுக்கவில்லை. குளிக்கப் போகும்போதும் கதவோரத்தில் வைத்தாள். பிரபாகர் வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். ஏதாவது வந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டான். எதற்காகக் கேட்கிறான், வர வேண்டும் என்றா, வரக்கூடாது என்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

மூன்றாம் தேதி பிற்பகல், அனுப்பிரியா பள்ளியிலிருந்து வந்து, தலை வலிக்கிறது என்று அம்மா மடியில் படுத்துவிட்டாள். நிர்மலா அவள் நெற்றியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பெண் அப்படியே தூங்கிப்போனாள். அப்போதுதான் போன் அதிர்ந்தது. நாலாம் தேதி விமானத்தில் அவள் வகையில் ஒரு சீட்டு விழுந்துவிட்டது. இன்று மாலை ஆறு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் விட்டுவிடுவோம் என்று இருந்தது.

அவள் மெசேஜை இரண்டு முறை படித்தாள். போனைத் தரையில் வைத்தாள். மடியில் பெண்ணின் தலை கனமாக, சூடாக இருந்தது. எழுந்தால் விழித்துக்கொள்வாள். இன்னும் நேரம் இருக்கிறது, விழிக்கட்டும், பிறகு பேசலாம் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் போயிற்று. எதிர் வீட்டில் மைதிலி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சும்மா இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று நிர்மலாவுக்கு உறைத்தது. யாரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. யாரையும் விட்டுவிட்டுப் போனதாகவும் இருக்காது, யாருக்காகவும் இருந்ததாகவும் இருக்காது. சீட்டுக் கிடைக்கவில்லை, கெடு முடிந்தது என்று சொன்னால் ஊரே நம்பும். மெசேஜைக் கையில் வைத்துக்கொண்டு பிரபாகர் மூன்று நாள் எப்படி இருந்திருப்பான் என்று முதல் முறையாக அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததும் கோபம் குறைந்தது. ஆனால் அவன் செய்ததையே தானும் செய்துவிடுவோமோ என்று பயம் வந்தது.

பெண்ணின் தோளைத் தட்டி எழுப்பினாள்.

"அனு, எந்திரி கண்ணு. ஒண்ணு சொல்லோணும்."

அனுப்பிரியா கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நிர்மலா சுற்றி வளைக்கவில்லை. நாளைக்குச் சீட்டுக் கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள். இன்னும் ஒரு வருடம்தான் ஒப்பந்தம், அது முடிந்ததும் வந்துவிடுவேன், அப்பா கட்டாயப்படுத்தவில்லை, கம்பெனி கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் போகிறேன் என்றாள். நானாக என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

"எனக்குத் தெரியும் நீ போவேன்னு," என்று சொல்லிவிட்டுப் பெண் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்டது. நிர்மலா கதவுக்கு வெளியே நின்றபடியே விமானக் கம்பெனிக்குப் போன் செய்தாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை துண்டித்தது. மூன்றாவது முறை ஆள் கிடைத்ததும் டிக்கெட் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இணைத்தாயிற்றா, டிக்கெட்டோடு சேர்த்தாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆயிற்று, புது நகல் உங்கள் மெயிலுக்கு வந்துவிட்டது என்று அந்தப் பக்கம் சொன்ன பிறகும், அதைத் திறந்து, தேதியும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போனை வைத்தாள்.

பிரபாகர் வந்ததும் சொன்னாள். அவன் தலையாட்டினான். பிறகு பரண்மேல் ஏறிப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி வைத்தான்.

மறுநாள் மூன்று பேரும் மைதிலியும் வாடகைக் காரில் கோயமுத்தூர் போனார்கள். உள்ளே பெட்டி போடும் இடத்தில் இன்னொரு சோதனை வந்தது. அங்கிருந்த இளைஞன் திரையைப் பார்த்துவிட்டு, உங்கள் டிக்கெட் இன்றோடு முடிகிறது, நடுவில் விமானம் மாறி அம்மான் போவது நாளைக்கு, இது செல்லாது போலிருக்கிறதே என்றான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் இதற்காகவா என்று நிர்மலாவுக்குத் தோன்றியது. குரல் நடுங்காமல், "பெரியவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றாள். ஒரு மூத்த அதிகாரி வந்து பார்த்தார். இந்தக் கட்டணத்துக்குக் கோயமுத்தூரிலிருந்து கிளம்புவது கெடு நாளுக்குள் இருந்தால் போதும், நடுவில் தங்காமல் மாறிப் போகிற விமானம் மறுநாள் ஆனாலும் தடையில்லை என்று அந்த இளைஞனிடம் சொன்னார். இரண்டு போர்டிங் அட்டைகளும் கைக்கு வந்தன.

கண்ணாடிக்கு வெளியே அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அனுப்பிரியா அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். நிர்மலா போனில் கூப்பிட்டாள். பிரபாகர்தான் எடுத்தான்.

"அடுத்த தடவை வர்றப்ப," என்று ஆரம்பித்து நிறுத்தினான். "எனக்கு எதாச்சும் சொல்றதுக்கு இருந்தா நான் வாய்விட்டுச் சொல்லிப்போடறேன். நீயும் கேட்டுக்கோ."

"சரிங்க," என்றாள் அவள். "கேக்கறேனுங்க." பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அனுப்பிரியா வாங்கிக்கொண்டாள், பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே நிர்மலா பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றாள். போனைத் தட்டில் வைக்கச் சொல்லும் வரை இருவரும் துண்டிக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்த மறுநாளே வேலை அனுமதியைப் புதுப்பிக்கிற பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். லைனும் திரும்பக் கிடைத்தது. அனுப்பிரியா ஒரு மாதம் வரை போனில் ஆமாம், இல்லை என்று மட்டும்தான் பேசினாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டு, கணக்கு டீச்சரோடு சண்டை என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினாள்.